படம் போனாலும் பதிவு நிற்கட்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் பல மணி நேரம் அங்கேயே நகராமல் நின்று, வலுக்குறைந்து மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில், நாட்றம்பள்ளிக்குச் சுமார் 35 கி.மீ. தெற்கேயுள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது.

அந்த இரு நாள்களின் ராடார் படங்களை என் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டப் பின்னர் தேடினேன். கைப்பேசியில் அவை அழிந்திருந்தன. வானிலைத் துறையின் பக்கத்திலோ பழைய படத்தின் இடத்தில் புதியது வந்துவிடும். மிஞ்சியது மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டு வரி மட்டுமே: “நம் பக்கம் ஒரே சிவப்பு.” எந்த நேரம், எந்தப் படம், எந்தத் திசை என்று அதிலிருந்து எதுவும் தெரியவில்லை.

முதல் சிக்கல் நிறம். ராடார் படத்தில் சிவப்பு என்றால் மழைத்துளிகளிலிருந்து வலுவான எதிரொலி, அதாவது கனமழை. நிறமூட்டிய செயற்கைக்கோள் அகச்சிவப்புப் படத்தில் அதே சிவப்பு, மேகத்தின் உச்சி மிகக் குளிர்ந்து உயரத்தில் இருப்பதைக் காட்டலாம். கீழே மழை பெய்யாமலும் இருக்கலாம். ஆகவே படத்தின் பெயரையும், பக்கவாட்டு அளவுகோலில் அந்நிறத்துக்கு நேரான எண்ணையும் எழுதச் சொல்கிறேன்.

இரண்டாவது நேரம். படத்தில் இருப்பது UTC. அதனுடன் 5 மணி 30 நிமிடம் கூட்டினால்தான் நம் நேரம்.

மூன்றாவது நகர்வு. ஒரு படத்தில் நகர்வு தெரியாது, இரண்டு வேண்டும். வகுப்பில் நாங்கள் பழகும் மாதிரிக் குறிப்பு இது:

“சென்னை ராடார், MAX(Z). 1130 UTC, மாலை 5.00. வடக்கு தெற்காக நீண்ட மேகப்பட்டை. முன்விளிம்பு கிருஷ்ணகிரி மேல். நடுவில் சிவப்பு, 50 dBZ. ஓரம் பச்சை, 25 dBZ. மாலை 5.30: முன்விளிம்பு பர்கூர் மேல். நிறம் மாறவில்லை.”

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் ஏறத்தாழ 17 கி.மீ. கிழக்கே. அரை மணியில் அவ்வளவு என்றால், மணிக்கு 34 கி.மீ. பர்கூரிலிருந்து நாட்றம்பள்ளியும் ஏறத்தாழ அதே தூரம்தான். வேகமும் திசையும் மாறாவிட்டால் மாலை 6 மணியளவில் இங்கு மழை தொடங்கும். படமே இல்லாமல், இந்தக் குறிப்பைக் கொண்டு வரைபடத்தில் பட்டையை மீண்டும் வரைந்துவிடலாம்.

ஒரு வரம்பையும் சொல்லித்தர வேண்டும். சென்னை ராடார் நமக்குச் சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ளது. பூமி வளைவதால், அதன் தாழ்ந்த கற்றைகூட இங்கு வரும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் செல்லும். அதற்குக் கீழுள்ள மேகத்தின் தூறல் படத்தில் வராது. அதனால் குறிப்பின் கடைசி வரியாக, “வெளியே பார்த்தது” என்று எழுதச் சொல்கிறேன். படத்தில் வெறுமையும் முற்றத்தில் தூறலும் ஒரே நாளில் இருந்தால், இரண்டும் சரியே.