எல்லாப் பட்டியலுக்கும் ஒரே நிரூபணம்

செருகு வரிசையாக்கம் 5, 2, 4, 1 என்ற எண்களைச் சரியாக அடுக்கிவிடுகிறது. எல்லாப் பட்டியலையும் அப்படி அடுக்குமா? ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து மாளாது. 1967-இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969-இல் டோனி ஹோரும் வேறு வழி காட்டினார்கள். சுழலின் ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது மாறாமல் நிற்கும் ஓர் உண்மையைப் பிடிக்க வேண்டும். அதுதான் சுழல் மாறிலி.

இங்கே அது இப்படி: அடுத்து எடுக்கப்போகும் எண்ணுக்கு இடப்பக்கம் இருப்பவை முதலில் அங்கிருந்த அதே எண்கள், இப்போது ஏறுவரிசையில் இருக்கின்றன.

தொடக்கத்தில் இடப்பக்கம் 5 மட்டுமே. ஒற்றை எண் எப்போதும் வரிசையில்தான் இருக்கும். 2-ஐ எடுத்ததும் 5 வலப்பக்கம் நகர, 2, 5 ஆகிறது. அடுத்தது 4. 5 நகர்கிறது, 2 நகரவில்லை. 2-க்கு முன்னால் எது இருந்தாலும் அது 2-ஐவிடப் பெரிதாக இருக்காது என்பதை மாறிலியே சொல்வதால், மேலும் தேட வேண்டியதில்லை. 2, 4, 5. எந்தச் சுற்றுக்கும் இதே வாதம் பொருந்தும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண் சேர்வதால் சுழல் நிச்சயம் முடியும். முடியும்போது இடப்பக்கம் என்பது முழுப் பட்டியல்தான்.

‘அதே எண்கள்’ என்ற பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2-ஐத் தனியே எடுத்துவைக்காமல் 5-ஐ நகர்த்தினால் 5, 5 ஆகிவிடும். வரிசை பிசகவில்லை, ஆனால் 2 காணாமல் போய்விட்டது. மாறிலியை முழுதாக எழுதியவருக்கு இந்தப் பிழை முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும்.