செருப்பு உழைக்கும், மனிதர் உறுதியாக நிற்பார்

செருப்புக் கடையில் யாரும் "இது வலிமையான செருப்பா?" என்று கேட்பதில்லை. "இது உழைக்குமா?" என்றுதான் கேட்கிறோம். கடைக்காரரும் "ரெண்டு வருஷம் தாராளமா வரும்" என்கிறார். புத்தக அலமாரி என்றால் கேள்வி "வெயிட் தாங்குமா?" என்று மாறுகிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு என்றால் "மழைக்கு நிக்குமா?" என்கிறோம். அகராதியில் வலிமை, வன்மை, திண்மை, பலம் என்று பெயர்ச்சொற்கள் வரிசையாக இருந்தும், ஒரு பொருளின் வலுவைப் பேச வேண்டிய இடத்தில் நம் வாய் வினைச்சொல்லைத்தான் தேடிப் போகிறது.

அதற்குக் காரணம் உண்டு. "உழைக்கும்" என்றால் கேட்பவர் மனதில் உடனே காலம் வந்து உட்காருகிறது: எத்தனை நாள்? "தாங்கும்" என்றால் எடை வருகிறது: எவ்வளவு? "நிற்கும்" என்றால் எதிர்த்து வருவது எது என்ற கேள்வி வருகிறது: மழையா, வெயிலா, கறையானா? வலு என்பது எப்போதும் ஏதோ ஒன்றுக்கு எதிரான வலு. அந்த ஏதோ ஒன்றைச் சொல்லவைக்கும் சொற்கள் பொருளுக்குப் பொருந்துகின்றன. "வலிமையான" என்ற அடைமொழி அந்தக் கேள்வியை எழுப்பாமலே போய்விடுகிறது.

இதே வினைகள் மனிதரிடம் வந்ததும் பொருள் மாறிவிடுகிறது. "அவர் நல்லா உழைப்பார்" என்றால் நீடித்து இருப்பார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பாடுபடுவார் என்றே எடுத்துக்கொள்கிறோம். "அவர் தாங்குவார்" என்றால் எடையை அல்ல, துக்கத்தை. சொல் ஒன்றாக இருந்தும், பொருளில் காலத்தையும் பாரத்தையும் அளந்தது மனிதரிடம் நடத்தையையும் மனத்தையும் அளக்கிறது. தமிழில் வலுவைக் குறிக்கும் பல சொற்கள் இப்படி இடம் மாறுகின்றன. மாறும்போது எது கூடுகிறது, எது விழுந்துவிடுகிறது என்பதற்கு மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம்: கெட்டி, வைரம், வீரியம்.

சாயம் கெட்டி, கை கெட்டி

சேலைக் கடையில் "கெட்டிச் சாயம்" என்பது பழைய வாக்குறுதி. நிறம் துணியை விட்டுப் போகாது என்பது அதன் பொருள். போகாமல் இருப்பதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. சில சாயங்கள் பருத்தி இழையில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும்; தண்ணீரும் சோப்பும் அவற்றைக் கழற்றிவிடும். ரியாக்டிவ் சாயம் எனப்படும் வகை, இழையோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கிறது. ஆனால் சாயத் தொட்டியில் போட்ட சாயம் முழுவதும் அப்படிப் பிணைவதில்லை. பிணையாமல் தங்கியதைச் சாயமேற்றிய பின் நன்றாக அலசி வெளியேற்ற வேண்டும். அந்த அலசலைச் சிக்கனம் செய்தால், உள்ளபடி நல்ல சாயமே ஆனாலும் வீட்டில் முதல் இரண்டு மூன்று துவைப்பில் தண்ணீர் கலங்கும், பக்கத்துத் துணியிலும் ஏறும்.

ஆய்வகங்களில் இந்தக் கெட்டித்தன்மையை ஒரே எண்ணால் சொல்லமாட்டார்கள். துவைப்புக்குத் தனி மதிப்பெண், 1 முதல் 5 வரை. வெளிச்சத்துக்குத் தனி மதிப்பெண், 1 முதல் 8 வரை. உரசலுக்கும் வியர்வைக்கும் வேறு சோதனைகள். சோப்பில் அசையாத நிறம் வெயிலில் வெளுக்கலாம். ஆகவே "கெட்டிச் சாயம்" என்று கேட்டதும் நாம் கேட்க வேண்டியது, எதற்குக் கெட்டி என்பதுதான். வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது: வெள்ளைத் துணியை நனைத்து, சேலையின் உள்முனையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துவைப்பையும் உரசலையும் பற்றி அது ஓரளவு சொல்லும். வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மனிதரிடம் வந்ததும் கெட்டி பல முகம் காட்டுகிறது. "கெட்டிக்காரர்" என்றால் சாமர்த்தியசாலி. இலங்கைத் தமிழர் வீடுகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளை "கெட்டிக்காரி". "அவருக்குக் கை கெட்டி" என்றால் காசு வெளியே வராது. "மனசு கெட்டி" என்றால் கலங்கமாட்டார். சொல்லும் தொனி மாறினால், இரங்கவும் மாட்டார். எளிதில் விட்டுக்கொடுக்காத தன்மை எல்லாவற்றிலும் இருக்கிறது. துணியில் அது எப்போதும் பாராட்டு. மனிதரிடம் எதை விடாமல் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பாராட்டாகவும் ஆகும், குறையாகவும் ஆகும்.

வைரம் எங்கே இருக்கிறது

"வைரம் பாய்ந்த கட்டை" என்று எழுபது வயதிலும் தளராத ஒருவரைச் சொல்கிறோம். இது மரக்கடைச் சொல். மரத்தின் தண்டில் வெளிப்புறப் பகுதி உயிருள்ளது. வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் வேலை அதனுடையது. அதற்கு வெளிறு என்று பெயர். மரம் முதிர முதிர உள்பகுதியின் உயிரணுக்கள் இறந்து, அந்த இடத்தில் பிசினும் கறைப்பொருள்களும் படிகின்றன. அதுவே வைரம். தேக்கில் கறையானையும் பூஞ்சையையும் விலக்கி நிற்பது இந்தப் படிவுகள்தான். வெளிறுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் ஒரே தேக்கு மரத்தில் அறுத்த இரண்டு சட்டங்களில் ஒன்று தலைமுறைகள் நிற்கும், இன்னொன்றைச் சில ஆண்டுகளில் பூச்சி அரிக்கும். பார்த்தே ஓரளவு சொல்லலாம்: தேக்கின் வைரம் பொன்னிறம் கலந்த பழுப்பு, வெளிறு வெளிர் மஞ்சள். மெருகும் சாயமும் ஏற்றிய பிறகு இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே பூச்சு ஏறுவதற்கு முன் பார்ப்பதே நல்லது.

எல்லா மரத்திலும் வைரம் உள்ளே இருப்பதில்லை. பனையில் அது வெளியே இருக்கிறது, உள்ளே மென்மையான சோறு. பழைய ஓட்டு வீடுகளின் பனஞ்சட்டங்கள் தண்டின் வெளிப்புறத்திலிருந்து எடுத்தவை. இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியத்தின் மரபியல் கவனித்திருக்கிறது. வன்மை உள்ளே இருப்பதை மரம் என்றும், வெளியே இருப்பதைப் புல் என்றும் அது பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல் இனம். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவிதையிலைத் தாவரமாகவே வைக்கிறது.

மனிதருக்கு நாம் எடுத்துக்கொண்டது உள்ளே வைரம் கொண்ட மரத்தைத்தான். வைரம் பாய்ந்தவர் என்றால் காலம் உள்ளே இறுகச் செய்தவர். இருபது வயது இளைஞர் எவ்வளவு பளு தூக்கினாலும் அந்தச் சொல் அவருக்குப் பொருந்தாது. அவரை வாட்டசாட்டமானவர், கட்டுமஸ்தானவர், திடகாத்திரமானவர் என்போம். இந்த மூன்றும் உடலுக்கே உரியவை, பொருளுக்குச் செல்லாதவை. திடகாத்திரத்தில் உள்ள காத்திரம் என்பதே உடம்பைக் குறிக்கும் வடசொல் என்பதால் "திடகாத்திரமான நாற்காலி" காதில் இடறுகிறது. ஆனால் காத்திரம் தனியே வரும்போது இலங்கை எழுத்தில் "காத்திரமான பங்களிப்பு" என்று கருத்துக்கும் செயலுக்கும் இயல்பாகப் பொருந்துகிறது.

வீரியம் என்பது அளவா, ஆற்றலா

பொருளிலிருந்து மனிதருக்குக் கொண்டுபோகும்போது அதிகக் கவனம் கேட்கும் சொல் வீரியம். விதைக்கும் மருந்துக்கும் அது இயல்பான சொல். "வீரிய ஒட்டு" ரகம் என்றால் இரண்டு வேறுபட்ட பெற்றோர் வரிசைகளைக் கலந்து பெற்ற விதை. அந்தக் கலப்பின் முதல் தலைமுறையில் பயிர் பெற்றோரைவிடச் செழித்து வளர்கிறது. அந்த வயலில் விளைந்ததையே எடுத்து மறுபோகத்துக்கு விதைத்தால், செடிகள் ஒரே சீராக வராது, செழிப்பும் குறையும். வீரியம் விதையில் நிலையாகத் தங்கும் குணம் இல்லை என்பதால்தான் ஒவ்வொரு பருவத்துக்கும் புது விதை வாங்க வேண்டியிருக்கிறது.

மருந்தில் வீரியம் வேறொன்று. நீர் பிரிய உதவும் இரண்டு மாத்திரைகளைப் பாருங்கள். ஃபியூரோசமைடு வாய்வழியாக 40 மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில் புமெட்டனைடு ஏறத்தாழ 1 மில்லிகிராம் போதும். எடைக்கு எடை பார்த்தால் இரண்டாவது பலமடங்கு வீரியமானது. ஆனால் உரிய அளவில் கொடுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வேலைதான் செய்கின்றன. வீரியம் என்பது எவ்வளவு சிறிய அளவில் வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு வேலை செய்யும் என்பது வேறு கேள்வி. "ரொம்ப வீரியமான மருந்து" என்று கேட்டதும், நோய் சீக்கிரம் போகும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். சித்த மருத்துவத்திலோ வீரியம் ஒரு கலைச்சொல்: ஒரு மூலிகை உடலில் வெப்பத்தைத் தருமா, குளிர்ச்சியைத் தருமா என்பதை அது குறிக்கும்.

மனிதரை "வீரியமானவர்" என்று எழுதினால் மருந்தின் பொருளோ விதையின் பொருளோ வருவதில்லை. சுவரெழுத்து விளம்பரங்கள் அந்தச் சொல்லை ஆண்மை என்ற ஒரே அர்த்தத்தில் பூட்டிவைத்திருக்கின்றன. அதனால் ஒரு தலைவரை "வீரியமிக்கவர்" என்பது சங்கடம். அவருடைய பேச்சை, எழுத்தை, அவர் நடத்திய போராட்டத்தை அப்படிச் சொல்வது இயல்பு. நாக்குக்கும் மூக்குக்கும் உறைக்கும் சொற்களும் இப்படித்தான் போகின்றன: புகையிலையில் காட்டம், மனிதரிடம் காட்டமான அறிக்கை.

இரண்டு வரிகளைத் திருத்திப் பார்ப்போம்

ஒரு கட்டில் விளம்பரமும் ஒரு பரிந்துரைக் கடிதமும் நம் முன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டிலுக்கு "மிக வலிமையான, உறுதியான, திடமான கட்டில்" என்று எழுதியிருக்கிறது. மூன்று சொல்லும் ஒன்றையே சொல்கின்றன, வாங்குபவருக்கு ஒரு தகவலும் இல்லை. "வெளிறு கலக்காத தேக்கு வைரம். இருவர் எடையை அசையாமல் தாங்கும். கறையான் எளிதில் ஏறாது" என்று மாற்றினால், ஒவ்வொரு வாக்கியமும் சரிபார்க்கக்கூடியதாகிறது. சட்டத்தின் நிறத்தைப் பார்க்கலாம், மேலே உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கலாம்.

கடிதத்தில் "இவர் மிகவும் பலமானவர், நீடித்து உழைக்கக்கூடியவர்" என்றிருக்கிறது. முதல் சொல் உடலைக் காட்டுகிறது. இரண்டாவது ஒரு மின்விசிறியை நினைவூட்டுகிறது. எழுதியவர் சொல்ல நினைத்தது அவருடைய மன உறுதியை. மனிதருக்கும் பொருளுக்கும் பொதுவான சொற்களில் உறுதி நல்ல சொல். ஆனால் மனிதரிடம் அது நிலைமையைக் கேட்கிறது. "கணக்கில் பிழை என்று தெரிந்தால் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டார். வேலை நெருக்கும் மாதக் கடைசியில் நிதானம் இழக்கமாட்டார்" என்று எழுதினால், அவருடைய உறுதி எதற்கு எதிரே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

பொருளுக்கு எழுதும்போது எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். மனிதருக்கு எழுதும்போது எந்த நேரத்தில் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பொருளையோ அந்த மனிதரையோ நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். இன்னொரு அடைமொழியைத் தேடுவதைவிட, திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் அப்போது செய்ய வேண்டிய வேலை.