கேட்காமலே வந்து சேரும் நோட்டிஃபிகேஷன்

ஐபோனில் புதிதாக ஒரு செயலியை இறக்கித் திறந்தால், பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது ஒரு சின்னப் பெட்டி. இந்தச் செயலி உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று அது கேட்கும். கீழே Allow, Don't Allow என்று இரண்டு பொத்தான்கள். உள்ளே என்ன இருக்கிறதென்றே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் என்ன பதில் சொல்வது? எதற்கு வம்பு என்று மறுத்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். செயலியைச் செய்தவருக்கோ அது பெரிய அடி. ஒருமுறை மறுத்துவிட்டால், செயலி மறுபடி அந்தப் பெட்டியைக் காட்ட ஐபோன் விடாது. மனம் மாறினால் நாமேதான் செட்டிங்ஸுக்குள் போய்த் திறந்துவிட வேண்டும்.

2018-இல் வந்த ஐஓஎஸ் 12-இல் ஆப்பிள் இந்த வரிசையைத் தலைகீழாக்க ஒரு வழி வைத்தது. முதலில் செயலி அனுப்பட்டும், வந்ததைப் பார்த்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று பயனர் சொல்லட்டும் என்பதே அந்த ஏற்பாடு. கடைக்காரர் ஒரு துண்டு அல்வாவை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு விலை பேசுவதுபோல. இதைத் தற்காலிக அனுமதி எனலாம். செயலி எழுதுபவர் தன் நிரலில் அனுமதி கோரும் இடத்தில் `.provisional` என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். பெட்டி எதுவும் வராது. ஐபோன் தானாகவே அனுமதி கொடுத்துவிடும்.

கேட்காமலே அனுமதியா என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த அனுமதி எவ்வளவு குறுகலானது என்று பார்த்தால் கோபம் பாதியாகக் குறையும். இப்படி வரும் அறிவிப்புக்குச் சத்தம் கிடையாது. பூட்டிய திரையில் தோன்றாது. வேறு வேலையில் இருக்கும்போது மேலிருந்து பேனராக இறங்கி மறைக்காது. செயலியின் சின்னத்தில் சிவப்பு வட்டத்துக்குள் எண் ஏறாது. அது போய் உட்காரும் ஒரே இடம் நோட்டிஃபிகேஷன் சென்டர், அதாவது திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழே இழுத்தால் விரியும் பட்டியல்.

ஒரு செய்திச் செயலியை வைத்துப் பார்ப்போம். காலையில் இறக்குகிறீர்கள், நாலு தலைப்புகளைப் படித்துவிட்டு மூடுகிறீர்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. மாலையில் அந்தச் செயலி ஒரு முக்கியச் செய்தியை அனுப்புகிறது. போன் சட்டைப் பையில் அசையாமல் கிடக்கிறது. இரவில் வேறு எதையோ தேடிப் பட்டியலை இழுக்கும்போது அது கண்ணில் படுகிறது. அதனடியில் Keep, Turn Off என்று இரண்டு பொத்தான்கள். Turn Off தட்டி உறுதிசெய்தால் கதை முடிந்தது, அந்தச் செயலிக்கு முழு மறுப்பு. Keep தட்டினால், இனி சத்தத்தோடு வரட்டுமா, இப்படியே அமைதியாக வரட்டுமா என்று ஐபோன் கேட்கும். இந்தத் தேர்வுகளின் பெயர்கள் ஐஓஎஸ் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறியிருக்கின்றன, காரியம் ஒன்றுதான். இரண்டில் எதையும் தொடாமல் விட்டால் தற்காலிக நிலையே நீடிக்கும், அறிவிப்புகளும் ஓசையில்லாமல் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

செய்திக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. நாளிதழ் தலைப்பை இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சிக்கல், அறிவிப்பு குறித்த நேரத்துக்குக் கண்ணில் பட்டே ஆக வேண்டிய இடங்களில்.

மாத்திரை நினைவூட்டும் செயலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு எட்டு மணிக்கு ரத்த அழுத்த மாத்திரை என்று மகள் அப்பாவின் போனில் பதிந்து கொடுக்கிறாள். செயலியை எழுதியவர், பெட்டியைக் காட்டினால் ஆட்கள் மறுத்துவிடுவார்களோ என்று பயந்து தற்காலிக அனுமதியைப் பயன்படுத்தியிருக்கிறார். இணையம் வழியாக அனுப்பப்படாமல் போனுக்குள்ளேயே நேரம் குறித்து எழும் அறிவிப்புகளுக்கும் இதே விதிதான். எட்டு மணிக்கு அறிவிப்பு பிசகாமல் வந்துவிடுகிறது, பட்டியலுக்குள். பட்டியலை இழுத்துப் பார்க்கும் பழக்கம் அப்பாவுக்கு இல்லை. மாத்திரை தப்புகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், செயலியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. அனுமதி கேட்டால் ஐபோன் `granted` என்ற பெயரில் ஆம் அல்லது இல்லை என்று பதில் தரும். தற்காலிக அனுமதி கேட்டாலும் வரும் பதில் ஆம் என்பதே. அதை அப்படியே நம்பி, 'நினைவூட்டல் இயங்குகிறது' என்று செயலி திரையில் பச்சை விளக்குக் காட்டிவிடுகிறது. உண்மை நிலை தெரிய வேண்டுமானால், நிரல் எழுதுபவர் அடுத்த படியாக `authorizationStatus` என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அது `authorized` என்றால் பயனர் தெரிந்தே கொடுத்த அனுமதி, `provisional` என்றால் அவருக்குத் தெரியாமலே கிடைத்தது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, எங்கள் பயனர்களில் இத்தனை பேர் நோட்டிஃபிகேஷனுக்குச் சம்மதித்திருக்கிறார்கள் என்று முதலாளியிடம் காட்டினால் எண் பெரிதாகத்தான் தெரியும். அறிவிப்பைத் தட்டித் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தில் வைத்தால் சாயம் வெளுத்துவிடும்.

மாத்திரைச் செயலிக்குச் சரியான வழி வேறு. தற்காலிக நிலையில் இருக்கும்போதே செயலி முழு அனுமதியும் கேட்கலாம். `.provisional` இல்லாமல் கோரினால் வழக்கமான பெட்டி அப்போது வரும். மகள் 'இரவு எட்டு மணி' என்று பதிந்து முடிக்கும் அந்த நொடியில் பெட்டி வந்தால், எதற்குக் கேட்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மறுக்கக் காரணமே இருக்காது. ஆனால் அவசரப்பட்டுக் கேட்டு மறுப்பு வாங்கினால், அதுவரை இருந்த அமைதியான வழியும் சேர்ந்து மூடிக்கொள்ளும். முன்பே மறுப்பு வாங்கிய செயலி பின்னர் தற்காலிக அனுமதி கேட்டாலும் பலிக்காது.

விளம்பரக்காரர்களுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. ஆப் ஸ்டோர் விதிகளில் 4.5.4 என்ற பிரிவு, தள்ளுபடி, விற்பனை போன்ற விளம்பர அறிவிப்புகளை அனுப்ப வேண்டுமானால் செயலிக்குள்ளேயே வெளிப்படையாகக் கேட்டுப் பயனரின் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்கிறது. பெட்டியைக் காட்டாமல் கிடைத்த தற்காலிக அனுமதி அந்தச் சம்மதம் ஆகாது. ஆனாலும் சில கடைகளின் செயலிகள் ஓசைப்படாமல் சலுகைகளைப் பட்டியலில் குவிப்பதைப் பார்க்கிறோம். சத்தம் இல்லை என்பதால் யாரும் புகார் செய்வதில்லை, அவ்வளவுதான்.

என் கணக்கில் இது நல்ல ஏற்பாடுதான், செய்தி, வாசிப்பு, புதிய பாட்டு வந்திருக்கிறது என்கிற வகைக்கு மட்டும். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது, மருந்து நேரம் ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டிய செயலி இதை நம்பியிருந்தால் அது பயனரை ஏமாற்றுகிறது.

உங்கள் போனில் யார் யார் இப்படி நுழைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது எளிது. Settings போய் Notifications திறந்து பட்டியலில் கீழே இறங்குங்கள். அனுமதி கொடுத்ததாக நினைவே இல்லாத செயலி ஏதும் இருந்தால் அதைத் தட்டுங்கள். Allow Notifications பச்சையாக இருந்து, Lock Screen, Banners, Sounds, Badges எல்லாம் அணைந்து, Notification Center மட்டும் எரிந்தால் அது அமைதியாக வருகிற ஆசாமி. வேண்டாமென்றால் அங்கேயே அணைத்துவிடுங்கள். அது மாத்திரை நினைவூட்டும் செயலியாக இருந்தால் Lock Screen, Banners, Sounds மூன்றையும் இப்போதே போட்டுவிடுங்கள்.