அறிவியல் வினாக்களைத் தமிழாக்குதலும் பொருள் மயக்கமும்

அறிவியல் வினாத்தாள் ஒன்று ஆங்கிலத்தில் முதலில் வரையப்பட்டுப் பின்னர்த் தமிழில் பெயர்க்கப்படும்பொழுது இரு வகைப் பிழைகள் நேரக்கூடும். ஒன்று, எழுத்துப் பிழையும் சொற்பிழையும் ஆகும். மற்றொன்று, சொற்கள் யாவும் சரியாக இருந்தும் வாக்கியம் இரு பொருள் தருவது. முதல் வகை படித்த மாத்திரத்திலேயே கண்ணில் படும். இரண்டாம் வகையோ எளிதில் புலப்படாது. வினாவை எழுதியவருக்கு அது தெளிவாகவே தோன்றும். மூலத்தை முன்னரே படித்தவர் ஆதலின் அவர் ஒரு பொருளையே காண்பார். தமிழ் வாக்கியத்தை மட்டும் கொண்டு விடை காண வேண்டிய மாணவன்தான் மற்றப் பொருளைக் கண்டு தவறுவான். இக்கட்டுரை இவ்விரண்டாம் வகையைப் பற்றியது.

இத்தகைய பிழைகளின் விளைவு சிறிதன்று. 2018 ஆம் ஆண்டில் நடைபெற்ற மருத்துவக் கல்விக்கான தேசியத் தகுதி நுழைவுத் தேர்வில் மொத்தம் 180 வினாக்கள் இருந்தன. அவற்றுள் 49 வினாக்களின் தமிழாக்கத்தில் பிழை உண்டு என்று வழக்குத் தொடரப்பட்டது. வினா ஒன்றுக்கு 4 மதிப்பெண் வீதம், தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, நவம்பர் மாதம் அத்தீர்ப்பை நீக்கிற்று. தேர்வு முடிந்த பின்னர் ஒரு பிழைக்கு நேரிய பரிகாரம் காண்பது எவ்வளவு அரிது என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது. மதிப்பெண் கொடுத்தால் பிழையால் பாதிக்கப்படாதவரும் பயன் பெறுவர். கொடுக்காவிடில் பாதிக்கப்பட்டவர் இழப்பர். ஆகவே வினா அச்சேறும் முன்னரே மயக்கத்தை நீக்குதல் ஒன்றே வழி.

முதலாவதாக, அளவு மாற்றத்தைக் கூறும் வாக்கியங்களைக் காண்போம். ஆங்கிலத்தில் 'டு' என்றும் 'பை' என்றும் வழங்கும் இரு சிறு சொற்கள் அளவு மாற்றத்தின் பொருளை வேறுபடுத்துகின்றன. முன்னது மாற்றத்திற்குப் பின் உள்ள அளவைக் குறிக்கும். பின்னது எவ்வளவு மாறியது என்பதைக் குறிக்கும். தமிழில் இவ்வேறுபாட்டைத் தாங்குவது வேற்றுமை உருபும் 'ஆக' என்னும் ஈறும் ஆகும். இவை விடுபட்டால் வாக்கியம் பிழையாகத் தோன்றாது. பொருள் மட்டும் இரண்டாகிவிடும். கீழ்வரும் வினாவை நோக்குக.

"500 கிராம் நீரின் வெப்பநிலை 30° செல்சியசிலிருந்து 40° செல்சியசு உயர்த்தப்பட்டது. நீர் ஏற்ற வெப்பம் எவ்வளவு? நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், ஒரு கிலோகிராமிற்கு ஒரு பாகை செல்சியசுக்கு 4,200 ஜூல்."

வெப்பநிலை 40° செல்சியசை அடைந்தது என்று கொண்டால் உயர்வு 10 பாகை. அப்பொழுது வெப்பம், 0.5 × 4,200 × 10, அதாவது 21,000 ஜூல். வெப்பநிலை 40 பாகை அளவு உயர்ந்தது என்று கொண்டால், இறுதி வெப்பநிலை 70° செல்சியசு. வெப்பம் 84,000 ஜூல். பலவுள் தெரிவு வினாவாயின், இவ்விரு எண்களும் விடைகளாகத் தரப்பட்டிருத்தல் கூடும். ஏனெனில், தவறு செய்பவன் அடையக்கூடிய விடையையே வினா அமைப்பவர் கவர்ச்சி விடையாகச் சேர்ப்பது வழக்கம். ஆகவே இரண்டாம் பொருளைக் கண்ட மாணவன் தன் விடையும் பட்டியலில் இருக்கக் கண்டு ஐயமின்றி அதனைத் தெரிந்தெடுப்பான். "40° செல்சியசுக்கு உயர்த்தப்பட்டது" என்று நான்காம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் ஒரு பொருளே நிற்கும். மற்றப் பொருளே கருதப்பட்டதாயின், "40 பாகை செல்சியசு அளவு உயர்த்தப்பட்டது" என்று எழுதுதல் வேண்டும்.

பின்னங்களிலும் மடங்குகளிலும் இம்மயக்கம் இன்னும் எளிதாகப் புகும். 12 ஓம் மின்தடையுள்ள ஒரு சீரான கம்பியின் நீளம் "மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது" எனின், எஞ்சுவது மூன்றில் இரு பங்கு. தடை 8 ஓம். "மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது" எனின், எஞ்சுவது ஒரு பங்கே. தடை 4 ஓம். 'ஆக' என்னும் ஓர் ஈறு விடையை இரு மடங்காகவோ பாதியாகவோ மாற்றிவிடுகின்றது. "மூன்று மடங்கு அதிகரித்தது" என்னும் தொடரையோ வினாத்தாளில் அறவே தவிர்ப்பது நன்று. அன்றாட வழக்கில் இது மூன்று மடங்காயிற்று என்றும், மூன்று மடங்கு கூடுதலாகச் சேர்ந்து நான்கு மடங்காயிற்று என்றும் இருவகையாகக் கொள்ளப்படுகின்றது. "மூன்று மடங்காயிற்று" என்று முடிந்த அளவைச் சொல்லிவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை.

இரண்டாவது மயக்கம் பெயரெச்சத்தால் விளைவது. ஆங்கிலத்தில் ஒரு பெயரை விளக்கும் தொடர் பெரும்பாலும் அப்பெயருக்குப் பின் வரும். தமிழில் அது முன்னே வருவது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கில வாக்கியத்தை ஒரே வாக்கியமாகத் தமிழில் அடக்க முயலும்பொழுது, அடைகள் யாவும் முன்னே குவிந்து, எந்த அடை எந்தப் பெயரைத் தழுவுகின்றது என்பது தெளிவின்றிப் போகின்றது. ஓர் எடுத்துக்காட்டு வருமாறு:

"10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் உள்ள பொருளின் மெய்ப்பிம்பத்தின் உருப்பெருக்கம் எவ்வளவு?"

'30 செ.மீ. தொலைவில் உள்ள' என்னும் அடை பொருளைத் தழுவுமாயின், பொருள் 30 செ.மீ. தொலைவிலும் பிம்பம் 15 செ.மீ. தொலைவிலும் இருக்கும், பிம்பத்தின் அளவு பொருளின் அளவில் பாதி. அதே அடை 'பொருளின் மெய்ப்பிம்பம்' என்னும் முழுத் தொடரைத் தழுவுமாயின், பிம்பம் 30 செ.மீ. தொலைவிலும் பொருள் 15 செ.மீ. தொலைவிலும் இருக்கும், பிம்பம் பொருளைப்போல் இரு மடங்கு. இலக்கணப்படி இரு பொருளும் பொருந்தும். காற்புள்ளியிட்டு இதனைச் சரி செய்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. வினாவை விரைந்து படிப்பவன் காற்புள்ளியைப் பொருட்படுத்துவதில்லை. அச்சில் அது விடுபட்டுப் போவதும் உண்டு.

இதற்கு உரிய வழி வாக்கியத்தைப் பிரிப்பதே ஆகும். "ஒரு குவிலென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ. ஒரு பொருளின் மெய்ப்பிம்பம் அந்த லென்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் விழுகின்றது. உருப்பெருக்கம் எவ்வளவு?" என்று மூன்று வாக்கியங்களாக எழுதினால், ஒவ்வோர் அளவும் தனக்குரிய எழுவாயோடு நிற்கும். கொடுக்கப்பட்ட அளவு ஒன்றுக்கு ஒரு வாக்கியம், கேட்கப்படுவதற்குத் தனியே ஒரு வாக்கியம் என்பது கணக்கு வினாக்களுக்குப் பொருத்தமான முறை. மூலத்தில் ஒரு வாக்கியமே உள்ளது என்பதற்காகத் தமிழிலும் ஒரு வாக்கியமே இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை.

மூன்றாவது, எதிர்மறை பற்றியது. "எல்லா உலோகங்களும் அறை வெப்பநிலையில் திண்மங்கள் அல்ல. சரியா, தவறா?" என்னும் வினாவைக் கருதுக. சில உலோகங்கள் மட்டும் திண்மமல்ல என்று கொண்டால் கூற்று சரி. பாதரசம் அறை வெப்பநிலையில் நீர்மம். ஓர் உலோகமும் திண்மமன்று என்று கொண்டால் கூற்று தவறு. இரும்பும் செம்பும் திண்மங்கள். ஒரே வாக்கியத்திற்கு இரு விடைகளும் பொருந்துகின்றன. 'எல்லா' என்னும் சொல்லும் 'அல்ல' என்னும் முடிவும் ஒரு வாக்கியத்தில் சேர்ந்து வருமிடமெல்லாம் இவ்வையம் எழும். "உலோகங்களுள் சில அறை வெப்பநிலையில் திண்மங்கள் அல்ல" என்றோ, "எந்த உலோகமும் அறை வெப்பநிலையில் திண்மம் அன்று" என்றோ, கருதியதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். ஒரு சொல்லின் பொருள் அகராதியால் மட்டும் முடிவாவதன்று. மாணவன் பயின்ற பாடநூலால் முடிவாகின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நிறை' என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. புவி அதனை ஈர்க்கும் விசை 'எடை' எனப்படும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ முன்னது 'திணிவு'; 'நிறை' என்பது ஈர்ப்பு விசையையே குறிக்கும். அவ்வாறே தமிழ்நாட்டில் 'வேகம்' என்பது திசை கருதாத அளவு. இலங்கையில் அதுவே திசையோடு கூடிய அளவு. பழைய நூல் ஒன்றையோ பிற நாட்டு நூல் ஒன்றையோ பார்த்துச் சொல்லை எடுத்தாளுபவர், சொல் பழக்கமானதாக இருப்பது கொண்டே ஏமாறுதல் கூடும். அறியாத சொல்லைக் கண்டால் மாணவன் தயங்குவான். அறிந்த சொல் வேறு பொருளில் வந்தால் தயக்கமின்றித் தவறுவான்.

இம்மயக்கங்களை எவ்வாறு கண்டறிவது? மொழிபெயர்த்தவரே மீண்டும் படித்துப் பார்ப்பதால் பெரும்பயன் இல்லை. மூலத்தின் பொருள் அவர் மனத்தில் பதிந்து கிடக்கின்றது. ஆங்கில மூலத்தைக் காணாத பாட ஆசிரியர் இருவரிடம் தமிழ் வினாத்தாளை மட்டும் கொடுத்துத் தனித்தனியே விடை எழுதச் செய்தல் வேண்டும். எண் விடை மட்டுமன்றி, கணக்கைச் செய்த படிகளையும் அவர்கள் எழுதுதல் அவசியம். ஒருவர் 10 பாகை என்றும் மற்றவர் 40 பாகை என்றும் தொடங்கியிருந்தால், மயக்கம் இருக்கும் இடம் முதற்படியிலேயே தெரிந்துவிடும். விடைகள் ஒத்திருந்தால் மூல விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ் வினாவை மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறையும் உண்டு. ஆயினும் அது தனித்துப் போதாது. மறுபடி பெயர்ப்பவர் தம் அறிவியல் அறிவால் குறையை அறியாமலே சரிசெய்துவிடுவார்.

தேர்வு முடிந்த பின்னரும் ஓர் அடையாளம் உண்டு. ஒரு வினாவில் தேர்ச்சி மிக்க மாணவர்கள் பலர் ஒரே தவறான விடையைத் தெரிந்தெடுத்திருப்பின், அறியாமையைக் காட்டிலும் வாக்கியத்தையே முதலில் ஐயுற வேண்டும். அறியாமையால் தவறுவோரின் விடைகள் பெரும்பாலும் பல விடைகளிலும் சிதறிக் கிடக்கும். பாடத்தில் பரவலாக வேரூன்றிய தவறான கருத்தும் இவ்வாறு ஒரே விடையில் குவியக்கூடும் ஆதலின், ஆங்கிலத்தில் எழுதிய மாணவரின் விடைகளோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியோரிடம் அக்குவிவு இல்லையெனின், தவறு தமிழ் வாக்கியத்தில் உள்ளது என்று கொள்ள இடமுண்டு.

ஆங்கில மூலமே இரு பொருள் தருவதாக இருப்பதும் உண்டு. அப்பொழுது மொழிபெயர்ப்பாளர் தமக்குத் தோன்றிய ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு எழுதிவிடுதல் ஆகாது. அவ்வாறு செய்தால் இரு மொழி மாணவரும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை எழுதியவராவர். அத்தகைய வினாவை அமைத்தவரிடமே திருப்பி அனுப்பி, மூலத்தைத் திருத்தச் செய்து, திருத்திய மூலத்தினின்றும் தமிழாக்குவதே முறை.