நாற்பது சதவீதம் என்ற எண்ணின் கதை

அக்கா மகள் பொருளாதாரம் முதுகலை படிக்கிறாள். புகையிலைக் கட்டுப்பாடு பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வரி, பாக்கெட்டின் மேல் எச்சரிக்கைப் படம், பொது இடங்களில் புகைத்தடை என்று மூன்று பகுதிகள். வரைவை எனக்கு அனுப்பி, "மாமா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாள். மூன்றாம் பகுதியின் முதல் வரியிலேயே நான் நின்றுவிட்டேன். "புகைத்தடைச் சட்டம் வந்த ஆறே மாதத்தில் மாரடைப்பு 40 சதவீதம் குறைந்தது."

இந்த எண்ணை நானும் பல வருடங்களாக நம்பியவன்தான். அலுவலக வாசலில் சிகரெட் பிடிக்கும் நண்பர்களிடம் சொல்லி வாதாடியும் இருக்கிறேன். எண் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லி ஒரு கட்டுரையை நிறுத்த முடியாது. ஏன் என்பதை அவளுக்கு விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஹெலினாவில் நடந்தது

ஹெலினா என்பது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத் தலைநகர். தலைநகர் என்றாலும் சின்ன ஊர்தான், அப்போது மக்கள்தொகை சுமார் 26 ஆயிரம். 2002 ஜூனில் அங்கே வேலை செய்யும் இடங்களிலும் மதுக்கூடம், உணவகம் போன்ற பொது இடங்களிலும் புகை பிடிக்கத் தடை வந்தது. ஆறு மாதம் போனது. டிசம்பரில் நீதிமன்ற உத்தரவால் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆய்வாளர்களுக்கு இது அல்வா மாதிரி. தடை வந்தது, பிறகு போனது. கோட் மாற்றி டெப்ளாய் பண்ணி, பிழை குறைகிறதா என்று பார்த்து, திரும்ப ரோல்பேக் பண்ணி, பிழை கூடுகிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி. உள்ளூரில் மாரடைப்பு வந்தவர்கள் போகும் மருத்துவமனையும் ஒன்றுதான். பதிவேட்டைப் புரட்டினார்கள். மற்ற வருடங்களில் இதே ஆறு மாதங்களில் சராசரியாக 40 பேர் மாரடைப்போடு சேர்ந்திருந்தார்கள். தடை இருந்த ஆறு மாதத்தில் 24 பேர். சட்டம் நின்றதும் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியது. ஊருக்கு வெளியே, தடை இல்லாத சுற்றுப்புறத்தில் இருந்து வந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. 2004ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆய்வு வெளியானது. நாற்பதில் பதினாறு குறைந்தால் 40 சதவீதம். செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

ஆய்வில் மோசடி எதுவும் இல்லை. தங்கள் எண்ணின் பலவீனத்தையும் அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். "16 பேர் குறைவு" என்பதற்குப் பக்கத்திலேயே 95 சதவீத நம்பிக்கை இடைவெளி இருக்கிறது: 0.3 முதல் 31.7 வரை. அதாவது உண்மையான குறைவு 31 பேராகவும் இருக்கலாம், ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம், இந்தத் தரவை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. தலைப்புச் செய்திக்கு வந்தது 40 மட்டும்தான். இடைவெளி உள்ளேயே தங்கிவிட்டது.

முதல் சோதனை: இவ்வளவு குறைய முடியுமா?

தரவைப் பார்க்கும் முன்பே ஒரு கவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடுத்தவர் விடும் புகையைத் தொடர்ந்து சுவாசிக்கிறவர்களுக்கு இதயநோய் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை சொல்கிறது. தாராளமாக 30 என்றே வைப்போம். ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரும் இந்தப் புகையில் இருந்தார்கள், சட்டம் வந்த மறுநாளே எல்லோருக்கும் அது முழுதாக நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் ஆபத்து 1.3லிருந்து 1.0க்கு இறங்கும். அது 23 சதவீதம். ஊரில் பாதிப் பேர்தான் புகையில் இருந்தார்கள் என்றால் 1.15லிருந்து 1.0, அதாவது 13 சதவீதம்.

சிலர் சட்டத்தால் சிகரெட்டையே விட்டிருப்பார்கள், அதையும் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் ஆறு மாதத்தில் 40க்கு எட்டுவது ரொம்பக் கஷ்டம். ஆகவே அந்த 40ல் ஒரு பங்கு சட்டத்தின் வேலை என்றாலும், மீதி அதிர்ஷ்டத்தின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது சோதனை: அதிர்ஷ்டம் எவ்வளவு செய்யும்?

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆயிரம் ஊர்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆறு மாதத்துக்குச் சராசரி 40 மாரடைப்பு. சட்டத்துக்கு எந்தப் பலனும் இல்லை என்றே வைப்போம்.

```python
import numpy as np
n = np.random.poisson(40, 1000)
print((n <= 28).sum(), (n >= 52).sum(), (n <= 24).sum())
```

முதல் எண் 30 சதவீதமோ அதற்கு மேலோ "குறைந்த" ஊர்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் மாறும், ஆனால் 30 ஊர் பக்கத்தில் வரும். இரண்டாவது, அதே அளவு "கூடிய" ஊர்கள், சுமார் 40. கடைசி எண் ஹெலினா அளவுக்கே இறங்கிய ஊர்கள், நாலோ ஐந்தோ தேறும். சட்டம் ஒன்றுமே செய்யாத உலகத்தில்கூட இத்தனை ஊர்கள்.

நிஜத்தில் சிதறல் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். குளிர் அதிகமான வருடம், ஃப்ளூ பரவிய வருடம், மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை மாறிய வருடம் என்று பல காரணங்கள் உண்டு.

அடுத்ததுதான் முக்கியம். அந்த ஆயிரம் ஊர்களில் எது ஆய்வுக் கட்டுரையாகும்? எண்ணிக்கை கூடிய ஊரின் மருத்துவர் அதைக் கவனிக்கவே மாட்டார். கவனித்தாலும் "ஏதோ தற்செயல்" என்று விட்டுவிடுவார். பாதிக்கு இறங்கிய ஊரின் மருத்துவர்தான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். ஹெலினாவைத் தனியாக எடுத்தால் அது ஆயிரத்தில் ஐந்து நடக்கும் அபூர்வம். நிறைய ஊர்களில் இருந்து தானாக மேலே வந்த ஓர் ஊர் என்று பார்த்தால் அவ்வளவு அபூர்வமில்லை.

பெரிய தரவு என்ன சொன்னது?

இது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பலன் உண்மையிலேயே 40 சதவீதம் என்றால் பெரிய ஊரிலும் பெரிய நாட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு தெரிய வேண்டும். அதிர்ஷ்டத்தால் ஊதிப்போன எண் என்றால், தரவு பெருகப் பெருகச் சுருங்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தது. ஒன்பது மருத்துவமனைகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து எண்ணினார்கள். 3,235 பேராக இருந்தது 2,684 ஆனது, 17 சதவீதக் குறைவு. அதே காலத்தில் தடை இல்லாத இங்கிலாந்திலும் 4 சதவீதம் குறைந்திருந்தது. அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2007 ஜூலையில் தடை. நாடு முழுவதற்குமான அவசர அனுமதிகளை எடுத்து, ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த போக்கைக் கழித்துப் பார்த்தபோது கிடைத்தது 2.4 சதவீதம்.

அமெரிக்காவில் பல மாநிலங்களின் தரவைச் சேர்த்து 2011ல் வந்த ஆய்வில் தெளிவான குறைவு எதுவும் தெரியவில்லை. சின்னச் சின்ன ஊர்களாகப் பிரித்துப் பார்த்தால் பெரிய இறக்கங்கள் எவ்வளவு வந்தனவோ, பெரிய ஏற்றங்களும் அவ்வளவு வந்தன என்று அதே ஆய்வு காட்டியது. நம் மூன்று வரி நிரல் காட்டியதும் இதைத்தான்.

40, 17, 2.4. தரவு பெரிதாக ஆக எண் சுருங்குகிறது. இப்படி ஓர் அடுக்கு கண்ணில் பட்டால், முதலில் வந்த எண்ணை நம்பக் கூடாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இங்கிலாந்தில் பல அலுவலகங்கள் 2007க்கு முன்பே புகையில்லாமல் ஆகிவிட்டன. சட்டம் புதிதாக மாற்ற வேண்டியது அங்கே குறைவு. ஆகவே 2.4ஐயும் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் எண்ணாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அப்படியென்றால் சட்டம் வீணா?

எதிர்த்தரப்பு வழுக்குவது இங்கேதான். "40 பொய், எனவே புகைத்தடையே ஏமாற்று" என்று தாவிவிடுவார்கள். முதலில், அந்த 2.4 சதவீதம் என்பது இங்கிலாந்தில் ஒரே வருடத்தில் சுமார் 1,200 அவசர அனுமதிகள். சதவீதம் சின்னது, ஆள் எண்ணிக்கை சின்னதில்லை.

இரண்டாவது, மாரடைப்பு என்பது சட்டத்தில் இருந்து பல படிகள் தள்ளி இருக்கும் விளைவு. முதல் படியிலேயே அளக்கக்கூடியது ஒன்று உண்டு: புகை உடம்புக்குள் போகிறதா இல்லையா. நிகோட்டின் உடம்பில் சிதைந்து கோட்டினின் ஆகிறது. அதை எச்சிலில் அளக்கலாம். அயர்லாந்தில் 2004 மார்ச்சில் தடை வந்தது, பக்கத்தில் வடக்கு அயர்லாந்தில் அப்போது இல்லை. தடைக்கு முன்பும் ஒரு வருடம் கழித்தும் புகை பிடிக்காத மதுக்கூட ஊழியர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். அயர்லாந்தில் கோட்டினின் 80 சதவீதம் இறங்கியது. வடக்கில் 20 சதவீதம்தான்.

இதுவும் சின்ன ஆய்வுதான். பிறகு ஏன் இதை மட்டும் நம்புகிறேன்? ஹெலினாவில் எண்ணியது எப்போதோ ஒருவருக்கு வரும் நிகழ்வை. இங்கே அளந்தது ஒவ்வொரு ஊழியரிடமும் இருக்கும் ஒரு பொருளை, அதே ஆளிடம் இரண்டு முறை. சிதறலைவிட மாற்றம் மிகப் பெரியது. பக்கத்திலேயே ஒப்பிட ஒரு நாடு. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே வேறு எதுவும் நுழைய இடமும் குறைவு. எட்டு மணி நேரம் அடுத்தவன் புகைக்குள் நின்று வேலை பார்க்கிறவனுக்கு அது நின்றது என்பதற்கு இது நேரடி ஆதாரம்.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா மகள் கேட்டாள்: "40 போயிடுச்சுன்னா என் கட்டுரை சப்புனு ஆயிடுமே மாமா?"

"வாத்தியார் அந்த அமெரிக்க ஆய்வைப் படிச்சிருந்தார்னா? அந்த ஒரு வரியை உடைச்சா உன் மூணாம் பகுதியே விழுந்துடும்மா," என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் திருத்தி அனுப்பினாள். இப்போது முதல் வரி இப்படி இருக்கிறது: "புகைத்தடைச் சட்டம் ஊழியர்கள் சுவாசிக்கும் புகையைப் பெருமளவு குறைக்கிறது, மாரடைப்பும் குறையக்கூடும், ஆனால் பெரிய தரவுகளில் அந்தக் குறைவு சில சதவீதம் மட்டுமே, சிலவற்றில் தெரியவே இல்லை." ஹெலினா அடுத்த பத்தியில் வருகிறது, சின்னத் தரவு எப்படி ஏமாற்றும் என்பதற்கு உதாரணமாக. வரிப் பகுதியில் இதே மாதிரி இன்னும் ஒரு எண் எனக்கு உறுத்துகிறது. அதை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.