காற்றைக் குடித்த காஸ்டிக் சோடா

வினிகர் தயாரிக்கும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். காலை ஷிஃப்ட் டெக்னீஷியன் மேற்பார்வையாளரின் மேசையில் ஒரு தாளை வைக்கிறார். இந்த மாதிரி குறிப்புகள் பெரும்பாலும் "காஸ்டிக் சோடா சரியில்லை, மறுபடி ஸ்டாண்டர்டைஸ் செய்ய வேண்டும்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இவர் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

"மேடம், 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்திருக்கிறது. லேபிளில் 0.1000 என்று இருக்கிறது. இன்று தாலேட் உப்பை வைத்து, பினாஃப்தலீன் போட்டு மூன்று முறை பார்த்தேன். மூன்றிலும் 0.0977தான் வந்தது. அதே கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு மெத்தில் ஆரஞ்சு போட்டுப் பார்த்தால் இன்னும் 0.1000 காட்டுகிறது. பேரியம் குளோரைடு விட்டதும் வெள்ளையாகக் கலங்கியது. பாட்டிலின் மூடி இறுகவில்லை. நேற்று 3.80 சதவீதம் என்று பாஸ் செய்த பேட்சை, மறுபடி சோதிக்கும்வரை வெளியே அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டிலில் 'பயன்படுத்தாதீர்கள்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன்."

லேபிளில் இருக்கும் எண்ணும் இன்று வந்த எண்ணும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம்.

வினிகரில் எவ்வளவு அசிட்டிக் அமிலம் இருக்கிறது என்று அறிய, அளந்தெடுத்த வினிகரில் பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிய கணத்தில், முன்கூட்டியே போட்டிருக்கும் பினாஃப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும். அதுவரை எத்தனை மில்லிலிட்டர் இறங்கியது என்பதை வைத்து அமிலத்தைக் கணக்கிடலாம். இந்தக் கணக்கு நிற்பது ஒரே ஒரு எண்ணின் மேல்: அந்தக் காரக் கரைசலின் வலிமை. பாட்டில் லேபிளில் இருக்கும் 0.1000 அந்த எண்தான். அது தவறினால், பியூரெட்டை எவ்வளவு துல்லியமாகப் படித்தாலும் விடை தவறும்.

சோடியம் ஹைட்ராக்சைடின் வலிமை அப்படியே நிற்காது. கார்பன் டை ஆக்சைடு அமிலத்தன்மை கொண்ட வாயு, கரைசலோ வலுவான காரம். இரண்டும் சந்தித்தால் விடாது. ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு, இரண்டு மூலக்கூறு சோடியம் ஹைட்ராக்சைடைப் பிடித்து சோடியம் கார்பனேட்டாக மாற்றிவிடும்:

2NaOH + CO2 → Na2CO3 + H2O

கார்பனேட்டும் காரம்தான். அதனால் போன வலிமை முழுவதும் போய்விடவில்லை. அது திரும்பி வருமா வராதா என்பது எந்த நிறங்காட்டியைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

பினாஃப்தலீன் நிறம் மாறுவது pH 8 சுற்றுவட்டாரத்தில். அந்த இடத்தில் ஒரு கார்பனேட் ஒரே ஒரு அமில அலகை மட்டும் ஏற்று பைகார்பனேட்டாக நின்றுவிடும். இரண்டு காரத்தைக் கொடுத்து ஒன்றை மட்டும் திரும்பப் பெறுகிறோம், ஒன்று நஷ்டம். மெத்தில் ஆரஞ்சு மாறுவதோ pH 4 சுற்றுவட்டாரத்தில். அதற்குள் பைகார்பனேட்டும் இன்னொரு அமில அலகை ஏற்றுவிடும். போன இரண்டும் திரும்பி வந்துவிடுவதால் கரைசலின் வலிமை சற்றும் குறையாதது போலவே தெரியும்.

எண்களில் பார்க்கலாம். டெக்னீஷியன் 25 மில்லிலிட்டர் காரக் கரைசலை எடுத்து, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறார். 24.42 மில்லியில் பினாஃப்தலீனின் இளஞ்சிவப்பு மறைகிறது. அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு போட்டுத் தொடர்கிறார். இன்னும் 0.58 மில்லி போனதும் மஞ்சள் ஆரஞ்சாகிறது. மொத்தம் 25.00 மில்லி. அந்த 0.58தான் கார்பனேட்டின் பங்கு.

இதைச் செய்யாமல் 0.0977 என்ற எண்ணை மட்டும் எழுதியிருந்தால், மேற்பார்வையாளருக்கு வேறு சந்தேகங்களும் வந்திருக்கும். யாராவது தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டார்களா? தயாரிக்கும்போதே எடை குறைந்துவிட்டதா? தண்ணீர் கூடியிருந்தால் இரண்டு நிறங்காட்டிகளிலும் வலிமை ஒரே அளவு குறைந்திருக்கும். ஒன்றில் குறைந்து இன்னொன்றில் அப்படியே இருப்பதால், குற்றவாளி கார்பன் டை ஆக்சைடு என்பது உறுதியாகிறது. பேரியம் குளோரைடில் வந்த வெள்ளைக் கலங்கல் பேரியம் கார்பனேட். அது அதே முடிவுக்கு இன்னொரு சாட்சி.

இதனால் விளைவது என்ன? நேற்றைய பேட்சையே எடுத்துக்கொள்வோம். 10 மில்லி வினிகரை 100 மில்லியாக நீர்த்து, அதிலிருந்து 25 மில்லி எடுத்து டைட்ரேட் செய்திருக்கிறார்கள். அதாவது உண்மையில் சோதித்தது 2.5 மில்லி வினிகர். பியூரெட் காட்டியது 15.80 மில்லி. வலிமை 0.1000 என்று வைத்துக் கணக்குப் போட்டால் அசிட்டிக் அமிலம் 3.80 சதவீதம் வருகிறது. 0.0977 என்று வைத்தால் 3.71 சதவீதம். நம் நாட்டு உணவுத் தர விதிப்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். முதல் கணக்கில் பேட்ச் பாஸ், இரண்டாவதில் ஃபெயில்.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வலிமை குறைந்த காரம் அதே அமிலத்தைத் தீர்க்க அதிக மில்லிலிட்டர் கேட்கும். லேபிளை நம்புகிறவர் அதை "அமிலம் அதிகம்" என்று படிப்பார். எனவே இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில், அமிலத்தைக் கூட்டித்தான் காட்டும். குறைந்தபட்ச வரம்பு உள்ள பொருள் தப்பித்துக்கொள்ளும். சமையல் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் பார்ப்பதுபோல அதிகபட்ச வரம்பு இருக்கும் இடத்தில், நல்ல எண்ணெய் கெட்டதாகத் தெரியும். பல முறை செய்து சராசரி எடுத்தாலும் இது போகாது, ஏனென்றால் எல்லா முறையும் ஒரே பாட்டில்தான்.

இந்த அளவு மாற்றத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு லிட்டர் கரைசல் 0.1000லிருந்து 0.0977க்கு இறங்க, ஏறத்தாழ 100 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு போதும். வாயுவாக அது 56 மில்லிலிட்டர், ஒரு சின்ன மருந்து பாட்டில் அளவு. ஆனால் வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்குதான். எனவே 130 லிட்டருக்கும் மேல் காற்று தன்னிடம் இருந்த முழு கார்பன் டை ஆக்சைடையும் கொடுத்தாக வேண்டும். பாட்டிலைச் சட்டென்று திறந்து ஊற்றி மூடினால், உள்ளே நுழைகிற அரை லிட்டர் காற்று அதில் ஒரு துளிப் பங்குகூடத் தராது. ஆகவே இது அவ்வப்போது திறந்ததால் வந்ததல்ல. மூடி இறுகாமல் பல நாள் ஷெல்ஃபில் இருந்ததால், காற்று நின்று நிதானமாக உள்ளே பரவியிருக்கிறது. குறிப்பில் மூடியைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி அதனால்தான் முக்கியம். ஆட்கள் நிறைந்த, சாத்திய அறையில் கார்பன் டை ஆக்சைடின் அளவு வெளிக்காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல்கூட இருக்கலாம். அங்கே இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இனி மேற்பார்வையாளர் என்ன செய்ய வேண்டும்? லேபிளை அடித்துவிட்டு 0.0977 என்று எழுதினால் போதும் என்பது ஒரு வழி. கணக்கின்படி அது தப்பில்லை. தாலேட் உப்பைச் சோதித்ததும் பினாஃப்தலீனில், வினிகரைச் சோதிப்பதும் பினாஃப்தலீனில் என்பதால் இரண்டிலும் நஷ்டம் ஒரே மாதிரி வரும். ஆனால் என்னைக் கேட்டால், இந்த அளவு கார்பனேட் ஏறிய கரைசலைக் கொட்டிவிடுவதுதான் சரி. கார்பனேட் இருந்தால் முடிவுப் புள்ளி மங்கும். இளஞ்சிவப்பு வந்து நிற்காமல் மெல்ல மெல்ல வெளிறும். ஒருவர் ஒரு சொட்டு முன்னாடி நிறுத்துவார், இன்னொருவர் இரண்டு சொட்டு பின்னாடி. மூடி இறுகாத அதே பாட்டிலில் நாளை அந்த எண்ணும் மாறிவிடும்.

புதுக் கரைசலை நேரடியாக வில்லைகளிலிருந்து செய்தால், வில்லைகளின் மேல் ஏற்கெனவே படிந்த கார்பனேட்டும் உள்ளே போகும். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. முதலில் பாதிக்குப் பாதி எடையில், மிகச் செறிவான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் செய்ய வேண்டும். கரையும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அந்தச் செறிவில் கார்பனேட் கரையாமல் அடியில் படியும். சில நாள் வைத்துவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஐந்தேகால் மில்லி எடுத்து, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் ஒரு லிட்டராக்கினால், ஏறத்தாழ 0.1 நார்மல் கிடைக்கும். பாலிதீன் பாட்டிலில் ஊற்றி, காற்று நுழையும் குழாயில் சோடா லைம் நிரப்ப வேண்டும்.

"ஏறத்தாழ" என்பதைச் சரியான எண்ணாக்குவதுதான் ஸ்டாண்டர்டைசேஷன். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்து, அரை கிராமை நான்கு தசம இடத்துக்கு எடை போட வேண்டும். அதைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, முப்பது விநாடி நிலைக்கும் வெளிர் இளஞ்சிவப்பு வரும்வரை டைட்ரேட் செய்ய வேண்டும். டெக்னீஷியனின் முதல் எடை 0.5106 கிராம், இறங்கியது 25.60 மில்லி. கரைசல் சரியாக 0.1000 ஆக இருந்திருந்தால் 25.00 மில்லியில் முடிந்திருக்கும். இந்த 0.6 மில்லிதான் அவரைச் சந்தேகிக்க வைத்தது.

மிச்சமிருப்பது பழைய முடிவுகள். கரைசல் என்றைக்கு எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது என்பதால், 0.0977ஐ வைத்து எல்லாவற்றையும் திருத்தி எழுத முடியாது. கடைசியாகத் தரம் பார்த்த நாளிலிருந்து இன்றுவரை சோதித்த பேட்ச்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, வரம்பை ஒட்டி நின்றவற்றின் காப்பு மாதிரிகளைப் புதுக் கரைசலில் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டரை சதவீதப் பிழை 5 சதவீத வினிகரை ஃபெயில் ஆக்கிவிடாது, அவற்றை விட்டுவிடலாம். நேற்றைய பேட்ச் புதுக் கரைசலிலும் 3.71 காட்டினால், அதைக் கொட்ட வேண்டியதில்லை. அமிலம் கூடுதலாக உள்ள வேறொரு பேட்சோடு கலந்து, கலவையிலிருந்து புது மாதிரி எடுத்து, 3.75ஐத் தாண்டிய பிறகு பாட்டிலில் அடைக்கலாம்.