பதில் கேட்காத வரவேற்பு

நான்கு மாத மருத்துவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை பணியில் சேரப்போகிறார் உங்கள் பிரிவின் மூத்த ஊழியர். எல்லோருக்கும் அவர் ‘அக்கா’. என்ன நோய் என்று சிலர் அரைகுறையாகப் பேசிக்கொண்டார்கள். அவராக யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிறு மாலை அவருக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்ப நினைக்கிறீர்கள். அன்பின் வேகத்தில் இப்படித்தான் எழுத வரும்:

“அக்கா, உடம்பு இப்ப எப்படி இருக்கு? விஷயம் கேள்விப்பட்டு பயந்துட்டோம். முழுசா குணமாயிடுச்சா? அவசரமே இல்ல, மெதுவா வாங்க.”

இதில் அக்கறை இருக்கிறது. ஆனால் இரண்டு கேள்விகளும் இருக்கின்றன. ஒன்றுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது மழுப்ப வேண்டும். ‘கேள்விப்பட்டு’ என்றதும், அலுவலகத்தில் தன்னைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். ‘முழுசா குணமா’ என்பதற்குப் பல நோய்களில் மருத்துவராலேயே உடனே பதில் சொல்ல முடியாது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே 6 மாதம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குத் திரும்புவோர் உண்டு. புற்றுநோய் சிகிச்சை முடிந்தாலும் பரிசோதனைகள் ஆண்டுக்கணக்கில் தொடரும். ‘மெதுவா வாங்க’ என்பதும், நான் இல்லாமலே வேலை நடக்கிறதோ என்று அவரை நினைக்கவைக்கலாம்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“அக்கா, நாளைக்கு நீங்க வர்றீங்கன்னதும் ரொம்ப சந்தோஷம். போன மாசம் வரைக்கும் பில் எல்லாம் முடிச்சாச்சு. மிச்சம் உள்ள ஃபைலை நீங்க சொல்ற நேரத்துல காட்டறேன். மதியம் எப்பவும்போல நம்ம இடத்துல உட்காரலாம். இதுக்கு பதில் போடணும்னு இல்லக்கா.”

இதில் நோய் என்ற சொல்லே இல்லை. நீண்ட விடுப்பிலிருந்து திரும்புகிறவரை உறுத்துவது தேங்கிக் கிடக்கும் வேலைதான்; பில் முடிந்தது என்ற ஒரு வரி அந்தப் பாரத்தைக் குறைக்கிறது. ‘ஏதாவது உதவி வேணும்னா கேளுங்க’ என்றால் கேட்கும் சங்கடம் அவருக்கு. எந்த ஃபைல் என்று நீங்களே சொல்லிவிட்டால், நேரத்தை மட்டும் அவர் சொன்னால் போதும்.

இதை அவருக்குத் தனியாக அனுப்புங்கள். அலுவலகக் குழுவில் போட்டால், அடுத்தடுத்து வரும் பதில்களில் யாராவது ஒருவர் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டுவிடுவார். நேரில் பார்க்கும்போதும் ‘இளைச்சுட்டீங்களே’ வேண்டாம். ‘நல்லா தேறிட்டீங்க’ என்பதும் உடம்பை அளந்து பார்க்கும் பேச்சே. எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான் என்று கதை தொடங்காதீர்கள்.

அவராகவே ஒருநாள் மனம்விட்டுப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டதை வேறு யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். வேலை செய்யத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்றிதழை அவர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் பணியில் சேர்கிறார். அதற்கு மேல் சக ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை.